பெட்டிக்குள் ஒரு பருவம்

மார்கழி விடியலில் அப்புத்தளைப் பக்கத்து லயங்களில் அடுப்பு மூட்டப் போகிற பெண்கள் தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன் குனிந்து அடுப்புக்குள் பார்ப்பார்கள். பெரும்பாலும் உள்ளே பூனை இருக்கும். முந்தின இரவு எரிந்த தேயிலை மிலாறு தணலாகி, தணல் சாம்பலாகி, சாம்பல் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் அந்தக் குழி அதற்கு விடியும்வரை போதுமானது. மூன்று பக்கமும் மண்சுவர், ஒரு பக்கம் வாசல், அடியில் சூடு விலகாத சாம்பல். அடுப்பில் பூனை உறங்கும் வீடு என்று வறுமையைச் சொல்வது நம் வழக்கம். உலை ஏறாத அடுப்பு என்பதை மனிதர்கள் அதில் பார்த்தார்கள். ஆனால் தினமும் உலை ஏறும் வீட்டிலும், அது இறங்கிய பிறகு, பூனை அங்கேதான் போகிறது. ஏன் போகிறது என்று கேட்டால் அட்டைப்பெட்டிக்குள்ளும், சீலை மடித்து வைத்த கூடைக்குள்ளும், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலும் அது ஏன் போகிறது என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. எந்த வெப்பக்குருதி உயிருக்கும், தன் வெப்பத்தைக் காக்கக் கூடுதலாக எதையும் எரிக்கவோ உடலைக் குளிர்விக்க மெனக்கெடவோ தேவையில்லாத ஒரு வெளி வெப்பநிலை உண்டு. பூனைக்கு அது 30 முதல் 38 பாகை வரை என்று உடலியல் நூல்கள் சொல்கின்றன. உடுத்திய மனிதர் சுகமாக இருக்கும் வெப்பநிலையைவிட இது ஏறத்தாழ பத்துப் பாகை அதிகம். நாம் வளர்க்கும் பூனைகளின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. மலைநாட்டுக்கு அது வந்து சேர்ந்தது மனிதர்களோடுதான்; உடலின் கணக்கு இன்னும் பழைய நிலத்தின் கணக்கு.

அந்தக் கணக்கை ஊவாவில் வைத்துப் பார்க்க வேண்டும். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரயில் ஹாலிஎல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை என்று ஏறி அப்புத்தளைக்குப் போகும்போது 1,430 மீட்டருக்கு வந்துவிடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரைப் பாகை என்ற வீதத்தில் காற்று குளிரும். ஆகவே இந்தச் சிறிய பயணத்திலேயே ஐந்து பாகை குறைந்துவிடும். பதுளையில் நமக்கு இதமான இருபத்து நான்கு பாகை மாலைகூட பூனைக்குச் சற்றுக் குளிர்தான். அப்புத்தளையில் தை மாத இரவு பதினைந்துக்குக் கீழே இறங்கும்போது அதற்கு வேண்டியதற்கும் இருப்பதற்கும் இடையில் பதினைந்து பாகைப் பள்ளம் விழுகிறது. ரோமமும் சுருண்டு படுப்பதும் அந்தப் பள்ளத்தில் ஒரு பகுதியை நிரப்பும். மீதியை நிரப்புவது பெட்டி.

அட்டைப்பெட்டியின் பக்கத்தை வெட்டிப் பார்த்தால் இரண்டு தாள்களுக்கு நடுவில் அலையலையாக மடித்த மூன்றாவது தாள் தெரியும். அந்த மடிப்புகளுக்குள் காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நான்கு கிலோ எடையுள்ள ஒரு பூனை உள்ளே சுருண்டால் அதன் உடலே அடுப்பாகி, சுற்றியிருக்கும் கொஞ்சக் காற்றைச் சூடாக்கிவிடும். கொஞ்சக் காற்று என்பதுதான் இதில் முக்கியம். தொலைக்காட்சி வந்த பெரிய பெட்டியைக் கொடுத்தால் பூனை உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிடும்; அவ்வளவு வெளியைச் சூடாக்க அதன் உடலால் முடியாது. சுருண்ட பூனைக்கு நாற்பது சென்டிமீட்டர் நீளம், முப்பது அகலம், முப்பது உயரம் போதும். நம் கண்ணுக்கு நெருக்கமாகத் தோன்றும் இந்த அளவில் அதன் முதுகும் விலாவும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

வெப்பம் பாதி விடை என்றேன். மற்றப் பாதி பயம். பூனை எலியைப் பிடிக்கும் மிருகம் என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதைவிடப் பெரிய மிருகங்களுக்கு அதுவே இரை என்பதைப் பூனை மறப்பதில்லை. லயத்து வாசலில் கான் ஓரமாகத் திரியும் நாய்களும், தேயிலைக்குள் இருந்து வெளிவரும் நரியும், உயரத்தில் வட்டமிடும் கழுகும் அதன் உலகத்தில் நாள்தோறும் இருக்கின்றன. நாய்க்குக் கூட்டம் உண்டு. சண்டை வந்தால் பணிந்து போகவும் சமாதானம் பேசவும் அதனிடம் உடல்மொழி உண்டு. தனியாக வேட்டையாடி வாழ்ந்த பூனைக்கு அந்த மொழி குறைவு. பிரச்சினை வந்தால் விலகுவது, விலக முடியாவிட்டால் மறைவது என்பதே அதன் முறை. முதுகுப் பக்கம் சுவராக இருந்தால் ஒரு திசையை மட்டும் காவல் காத்தால் போதும். அந்த ஒரு திசையில் ஏதாவது சிறியது ஓடினால் பாய்ந்து பிடிக்கவும் வசதி. ஒளிவிடமும் பதுங்கிடமும் அதற்கு ஒரே இடம்.

இதை நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிளாவ்டியா விங்கே என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு காப்பகத்தில் அளந்து பார்த்தார்கள். முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. புதிதாக வந்து சேர்ந்த 19 பூனைகளில் பத்துக்குப் பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. உடல் ஒடுக்கம், காது, கண், மூச்சு இவற்றைப் பார்த்து மதிப்பிடும் ஓர் அளவுகோலால் பதற்றத்தைக் குறித்தார்கள். மூன்றாம் நாளிலேயே பெட்டி கிடைத்த பூனைகள் தெளிவாக அமைதி அடைந்திருந்தன. இரண்டு வாரம் ஆனபோது மற்றவையும் அந்த நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டன. சிறிய ஆய்வுதான். ஆனால் பெட்டி என்ன செய்கிறது என்பதை இது சரியாகக் காட்டுகிறது. புதிய இடத்துக்குப் பழகும் வேலையை எப்படியும் பூனையே செய்து முடிக்கும். அந்த முதல் நாட்களின் வேதனையைத்தான் பெட்டி குறைக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா பசறைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து மகளோடு இருப்பதற்காக அப்புத்தளைப் பக்கம் வந்தார். கொழுந்துக் கூடைக்குள் ஒரு செவலைப் பூனையை வைத்து, மேலே படங்கைக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். காம்பராவில் கூடையைத் திறந்ததும் அது கட்டிலுக்கு அடியில் ஓடி, டிரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டது. பகலில் எதையும் தொடவில்லை. இரவில் வைத்த சோறும் கருவாடும் காலையில் இல்லை. “இழுத்து வெளிய எடுத்து மடியில வச்சா பழகிரும்தானே தம்பி?” என்று அக்கா கேட்டார். அன்பால் கேட்ட கேள்வி. ஆனால் மறைந்திருக்கும் பூனையை இழுத்தெடுத்தால், இங்கே ஒளிவிடம்கூடப் பத்திரமில்லை என்று அது கற்றுக்கொள்ளும். சோறு இரவில் குறைவதால் அது தின்கிறது, ஆகவே காத்திருக்கலாம், அதற்குள் ஒரு நல்ல பெட்டியை வைப்போம் என்றேன்.

முதலில் கிடைத்தது சவர்க்காரம் வந்த பெட்டி. பூனை அதன் பக்கமே வரவில்லை. நமக்கு மணமாக இருப்பது அதன் மூக்குக்கு மூச்சுமுட்டும் நெடி. பிறகு கடையில் பிஸ்கட் வந்த பெட்டி ஒன்று கிடைத்தது. அதன் மூடியை ஒட்டியிருந்த டேப்பையும் கம்பிகளையும் அக்கா பொறுமையாக உரித்தெடுத்தார். டேப், நூல், றிப்பன் இவற்றைப் பூனை விழுங்கினால் குடல் சுருங்கி உயிர்போகும் நிலை வரும் என்பதால் இந்த வேலையை விட்டுவிடக் கூடாது. உள்ளே தான் உடுத்துக் கழித்த பழஞ்சீலையைத் துவைக்காமலேயே மடித்து வைத்தார். பசறை வீட்டின் வாசனையும் அவருடைய வாசனையும் அதில் இருந்தன. பெட்டியின் முதுகு சுவரோடு சேர, வாய் குசினி வாசலைப் பார்க்க, நடமாட்டம் குறைந்த மூலையில் வைத்தோம். அன்றிரவு எப்போதோ பூனை அதற்குள் குடியேறியது. அதற்குப் பிறகு பகலிலும் வெளியே வந்து தின்னத் தொடங்கியது.

இடுக்கு என்றால் பூனைக்குப் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதே பெட்டிக்குள் அதே பூனையைப் பிடித்துப் போட்டு மூடினால் நகத்தாலும் பல்லாலும் கிழித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். அளவு மாறவில்லை, இருட்டு மாறவில்லை. தானாகப் போகவும் வரவும் முடியும் என்பது மட்டும் இல்லாமற் போய்விட்டது. இடுக்கு அதற்கு ஆறுதலாவது, எப்போது நுழைவது, எப்போது வெளியேறுவது என்பது அதன் கையில் இருக்கும்வரைதான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் தாத்தாவும் பாட்டியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படுத்தெழுந்தது யாரும் தேர்ந்தெடுத்த நெருக்கம் அல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அளந்து கட்டிய அந்தச் சுவர்களுக்குள் சூடு இருந்தது, அன்பும் இருந்தது. ஒதுங்குவதற்கு ஒரு மூலை இருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, லயத்துப் பெண்கள் பூனை ஒதுங்கிய மூலையைக் கலைக்க மனம் வராமல் விட்டுவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். செவலையின் பெட்டிப் பக்கம் பேரப்பிள்ளைகள் கை நீட்டக் கூடாது என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். பெட்டியை வைப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதி அதுதான்.

மார்கழி வந்தது. வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலில் இருந்து ஊவாவுக்கு மழையைக் கொண்டுவரும் காலம். செவலை பெட்டியை விட்டுவிட்டு அடுப்புக்குள் படுக்கத் தொடங்கியது. ஒரு பக்க மீசை கருகியிருந்தது. மேலே சாம்பலாகத் தெரிந்தாலும் அடியில் தணல் கிடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. பெட்டியில் என்ன குறை என்று பார்க்க, சீலைக்கு அடியில் கையை வைத்தோம். ஈரம். சிமெந்துத் தரை உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, பூனையின் மூச்சில் வந்த நீரும் மழைக்காலத்துக் காற்றின் நீரும் அடித்துணியில் ஊறி, அட்டையின் அடிப்பகுதி தொய்ந்திருந்தது. நனைந்த அட்டையில் அந்த அலைமடிப்புகள் நசுங்கிவிடும். உள்ளே நின்ற காற்றும் போய்விடும். குளிர்காலப் படுக்கையில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மேலே போர்த்துவதைப் பற்றி யோசிக்கிறோம், கீழிருந்து இழுக்கப்படும் சூட்டைப் பற்றி யோசிப்பதில்லை.

ஆகவே கீழிருந்து தொடங்கினோம். இரண்டு செங்கல்மேல் ஒரு பலகை. பலகைமேல் ஒரு தடித்த பிளாஸ்டிக் தாள், அதன்மேல் புதுப் பெட்டி. பெட்டிக்குள் வெலிமடை வயல்களில் இருந்து வந்த காய்ந்த வைக்கோல் நான்கு விரல் கனத்துக்கு. வைக்கோலின் தாள் உள்ளே வெறுமையானது. அதுவும் காற்றைப் பிடித்துவைக்கும், ஈரத்தைத் துணிபோல் உறிஞ்சிவைக்காது. மலைச்சரிவில் சும்மா கிடைக்கும் மானாப்புல்லை இதற்குப் போடக்கூடாது. அதன் விளிம்பு அறுக்கும். வைக்கோல்மேல் பழைய கம்பளித் துண்டு. கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை முழுவதும் விட்டுவிடாது. மேல்மூடியை அடைத்து, முன்பக்கத்தில் பூனையின் தோள் நுழையும் அளவுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் வட்டமாக வாசல் வெட்டினோம். வாசல் தரையோடு இருந்தால் குளிர்காற்று நேரே உள்ளே வழியும் என்பதால் நான்கு விரல் மேலே. மழைக்காலக் காற்று வரும் கதவுக்கு முதுகு காட்டும்படி பெட்டியைத் திருப்பினோம். சமையல் முடிந்ததும் அடுப்பு வாயைத் தகரத்தால் மூடுவதும் வழக்கமானது. செவலை பெட்டிக்குத் திரும்பியது.

கம்பளி விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் வீடுகளில் கம்பளியை எடுத்துவைக்கும்போது பூச்சி உருண்டை போடுவது வழக்கம். அந்த நப்தலீன் பூனைக்கு விஷம். உருண்டையைத் தின்ன வேண்டும் என்பதில்லை. கம்பளியில் ஏறிய ஆவியையும் தூளையும் மூச்சிலும், ரோமத்தை நக்கும்போது வாயிலும் எடுத்துக்கொள்ளும். பினாயில் தெளித்துத் துடைத்த தரையும் அப்படியே. உடலில் பட்டதையெல்லாம் நக்கித் துடைக்கும் மிருகம் அது. அதன் ஈரலால் இந்த வகைப் பொருட்களைச் சரியாகக் கழிக்கவும் முடியாது. உரம் வந்த சாக்கையோ மருந்தடிக்கும் தகரக் கேனை மூடியிருந்த சாக்கையோ, எத்தனை முறை கழுவினாலும், பூனைக்கு விரிக்க வேண்டாம். உருண்டை போட்டு வைத்திருந்த கம்பளியை வெந்நீரில் துவைத்து, நெடி அறவே போகும்வரை வெயிலிலும் காற்றிலும் காயவிட்ட பிறகே அக்கா துண்டு போட்டார்.

ஊவாவின் வெப்பம் வேறு கதை. ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது வறண்டு சூடாகிறது. அந்தக் கச்சான் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் அந்தத் தனி மணம் ஏறுகிறது. அதே வாரங்களில் பதுளை, பசறைப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகலில் இருக்க முடியாது. பூனைக்கு முப்பது பாகை பிடிக்கும் என்றாலும் தகரத்துக்கு அடியில் பரண்மேல் ஏறும் சூடு அதன் எல்லையையும் தாண்டிவிடும். அதற்கு வியர்வை பாதங்களில் மட்டும்தான். மற்றபடி ரோமத்தை நக்கி ஈரமாக்கி அந்த ஈரம் உலர்வதில் குளிர வேண்டும். நிழலில் நீண்டு படுத்துச் சூட்டைத் தரைக்குக் கொடுக்க வேண்டும். இதமாகச் சுருண்ட பூனையை மார்கழியில் பார்த்தோம். ஆவணியில் அது சிமெந்துத் தரையில் நான்கு காலையும் நீட்டிக் கிடக்கும். மார்கழியில் அதன் பகையாக இருந்த தரை இப்போது அதன் படுக்கை.

அதற்காகப் பெட்டியை எடுத்துவிடக் கூடாது. சூட்டுக்காக வேண்டாம் என்றாலும் மறைவுக்காக அது வேண்டும். மூடியைக் கழற்றி, வைக்கோலை அகற்றி, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வாசல் வெட்டினால் காற்று ஊடுருவும், மறைவும் இருக்கும். பலகையையும் செங்கல்லையும் எடுத்துத் தரையிலேயே வைக்கலாம். பசறையில் அக்காவின் தாய் வேறொன்று செய்வாராம். தண்ணீர் கசிவதால் ஒதுக்கிய பெரிய மண்பானையைத் தாழ்வாரத்து நிழலில் பக்கவாட்டில் சாய்த்து, உருளாமல் கல் வைத்து, வெளிப்புறத்தில் ஈரச்சாக்கைப் போர்த்துவார். நீர் ஆவியாகும்போது பானைச் சுவரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். உட்புறம் குளிர்ந்தும் காய்ந்தும் இருக்கும். கச்சான் வீசும் வறண்ட நாட்களில் இது நன்றாக வேலை செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே நீர் நிறைந்திருப்பதால் சாக்கு உலராது, பானை நாறும். அந்தக் காலத்தில் இதைச் செய்யக்கூடாது. பானை குளிர்ந்திருந்தும் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அது படுக்கையால் தீரும் விஷயமல்ல. நாய்க்கு அது இயல்பு, பூனைக்கு ஆபத்து. குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ரோமத்தைச் சாதாரண நீரால் நனைத்து, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

எந்தக் காலமானாலும் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். தெள்ளு பூனையின் உடலில் கடித்தாலும் அதன் முட்டையும் புழுவும் வளர்வது படுக்கையில்தான். துணியில் மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள்கள் கிடந்தால் கொஞ்சத்தை ஈர வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். செந்நிறமாகக் கரைந்தால் அது மண் அல்ல, தெள்ளு கழித்த இரத்தம். அட்டைப்பெட்டியின் நல்ல குணங்களில் ஒன்று, அப்போது அதை எரித்துவிட்டு வேறு பெட்டி வைக்கலாம்.

பெட்டிக்குள் இருப்பதெல்லாம் சுகமும் அல்ல. நோயுற்ற பூனையும் மறைவைத்தான் தேடும். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, சுற்றி நடந்து, திரும்பப் போய்ப் படுப்பது ஓய்வு. ஒரு முழு நாள் சோற்றையும் தண்ணீரையும் தொடாமல், மணல் பக்கம் போகாமல், முகத்தைச் சுவரைப் பார்த்து வைத்திருந்தால் அதை ஓய்வென்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. செவலை வந்த நாட்களில் நாங்கள் காத்திருந்தது இரவில் தட்டு காலியானதால் மட்டுமே.

இப்போது அதற்கு வயதாகிவிட்டது. போன மார்கழியில் வாசலுக்கு முன் நின்று முன்காலைத் தூக்குவதும் இறக்குவதுமாகத் தயங்கியது. முதுமையில் மூட்டுகள் வலிக்கும் பூனைக்கு நான்கு விரல் படி உயரம்தான். அக்கா கத்தியை எடுத்து வாசலின் கீழ்விளிம்பைத் தரைமட்டம்வரை அறுத்துவிட்டு, உள்ளே வரும் குளிரைத் தடுக்க முன்னால் ஒரு சாக்குத் துண்டைத் திரையாகத் தைத்துத் தொங்கவிட்டார்.